குர்தியும் ஷாலும் ஒரே பச்சைன்னு வாங்கினேன், ஆபீஸ்ல ரெண்டு பச்சையா தெரியுது

#1 கடலோரம்

எல்லாருக்கும் சலாம், வணக்கம்.

கீழக்கரையிலிருந்து வந்து கிண்டியில ஒரு ஆபீஸ்ல கணக்குப் பிரிவுல சேர்ந்து ஒன்றரை மாசம் ஆகுது. ஊர்ல காலேஜ் போனப்ப மேல ஃபர்தா இருக்கும், உள்ள என்ன கலர் போட்டாலும் கவலையில்ல. இங்க முழங்காலுக்குக் கீழ வர்ற நீள குர்தி, பேண்ட், தலைக்கு ஷால்னு முடிவு பண்ணிட்டேன். இப்போதைக்கு அஞ்சு குர்தி இருக்கு. கரும்பச்சை ரேயான், கடுகு மஞ்சள் ரேயான், கருநீலத்துல மெரூன் பூ அச்சுப் போட்ட பருத்தி, ரோஸ்-வெள்ளைக் கோடு போட்ட கொஞ்சம் மொடமொடன்னு இருக்கிற பருத்தி, கறுப்பு க்ரேப்.

பச்சைக்கு மட்டும் கடைக்கு குர்தியையே எடுத்துட்டுப் போய் வச்சுப் பார்த்து ஜார்ஜெட் ஷால் வாங்கினேன். கடையில அச்சு அசலா ஒரே பச்சை. ஆபீஸ்ல போய்க் கண்ணாடியில பார்த்தா ஷால் நீலம் கலந்த பச்சையா இருக்கு, குர்தி பாசி மாதிரி மங்கலா இருக்கு. வெளியில வெயில்ல வேற மாதிரி. பக்கத்து சீட் அக்காவே "செட் இல்லையா இது?"னு கேட்டாங்க. கடைக்காரர் ஏமாத்திட்டாரா, இல்ல என் கண்ணுதான் கோளாறா? மத்த நாலுக்கும் இப்படித்தான் தேடணுமா? மாசம் ரெண்டு ஷாலுக்கு மேல வாங்க முடியாது.

#2 ரம்யா_ஓஎம்ஆர்

இவ்வளவு யோசிக்கவே வேணாம். என் ரூம்மேட் அஞ்சு வருஷமா ஹிஜாப் போடுறா. கறுப்பு ரெண்டு, வெள்ளை ரெண்டு, அவ்வளவுதான். கறுப்பு எல்லாத்துக்கும் போகும். பேண்ட்டும் கறுப்பா வச்சுக்கோங்க, மேலயும் கீழயும் கறுப்பு, நடுவுல எந்த கலர் குர்தி வந்தாலும் சேர்ந்துக்கும்.

புது ஷால் சாயம் போகும்னு பயமிருந்தா வினிகரும் கல் உப்பும் போட்டு ராத்திரி ஊற வச்சிடுங்க. கலர் அப்படியே பிடிச்சுக்கும்.

#3 புதுவை_காயத்ரி

குர்தி மட்டும் தனியா ஏன் வாங்குறீங்க? செட்டா எடுத்தா துப்பட்டா கூடவே வருமே. சுடிதார் போடுற எங்களுக்கு மேட்சிங் பிரச்சனையே இல்ல. ஒரு பக்கம் தோள்ல போட்டு பின் குத்திட்டா முடிஞ்சது.

#4 கடலோரம்

@புதுவை_காயத்ரி அக்கா, நான் கேட்டது தலையில சுத்துற ஷாலைப் பத்தி. செட் துப்பட்டா ஒண்ணு போட்டுப் பார்த்தேன். வலை மாதிரி இருக்கு, உள்ள போட்ட கேப் அப்படியே தெரியுது. ஓரத்துல ஜரிகை வேற, தாடைக்குக் கீழ குத்துது.

#5 சாயப்பட்டறை

கடைக்காரர் ஏமாத்தலம்மா, உங்க கண்ணும் நல்லாத்தான் இருக்கு. திருப்பூர்ல சாய ஆலை லேப்ல பதினாறு வருஷமா இந்தப் பிரச்சனையோடதான் நான் குடும்பம் நடத்துறேன்.

உங்க குர்தி ரேயான். ஷால் ஜார்ஜெட்னு சொல்றீங்க, அந்த விலைக்கு அது கண்டிப்பா பாலியஸ்டர். ரெண்டுக்கும் சாயமே வேற வேற ஜாதி. ரேயானுக்குப் போடுற சாயம் 60 டிகிரி தண்ணியில பிடிக்கும். பாலியஸ்டருக்கு வேற சாயம், அழுத்தத்துல 130 டிகிரி வரைக்கும் ஏத்தினாத்தான் உள்ள போகும். ரெண்டு பேரும் வேற வேற நிறங்களைக் கலந்து ஒரு "பச்சை"யைக் கொண்டு வர்றாங்க. ஒரு விளக்குல ரெண்டும் ஒண்ணாத் தெரியும். விளக்கு மாறினா அந்தக் கலவையோட வேஷம் கலைஞ்சுடும். எங்க லேப்ல அதுக்காகவே ஒரு பெட்டி உண்டு. பகல் வெளிச்ச விளக்கு, கடை விளக்கு, மஞ்சள் பல்பு மூணும் அதுக்குள்ள இருக்கும். மூணுலயும் ஒண்ணாத் தெரிஞ்சாத்தான் துணி வெளிய போகும். அப்படியும் பாலியஸ்டரையும் பருத்தியையும் சேர்த்து ஒரு ஆர்டர் வந்தா எங்களுக்கு ரெண்டு நாள் தூக்கம் போகும்.

அதனால கடையில மூணு இடத்துல பாருங்க. ட்யூப் லைட்டுக்கு அடியில ஒரு தடவை, வாசல்ல நிழல்ல ஒரு தடவை, ஷோ கேஸ்ல மஞ்சள் லைட் எரிஞ்சா அதுக்குக் கிட்ட ஒரு தடவை. நேர் வெயில்ல பார்க்காதீங்க, எல்லாமே வெளுப்பாத் தெரியும். மூணுல ஒண்ணுல பிரிஞ்சாலும் "ஒரே கலர்"ங்கிற எண்ணத்தை விட்டுடுங்க. வேணும்னே ரெண்டு படி தள்ளி எடுத்தா அது தேர்ந்தெடுத்த மாதிரி தெரியும். அரைப் படி தள்ளினாத்தான் தப்பு மாதிரி தெரியுது.

@ரம்யா_ஓஎம்ஆர் வினிகர், உப்பு ரெண்டுக்கும் சாய வேலையில இடம் இருக்கு, அதான் இந்தப் பேச்சு வந்தது. ஆனா உப்பு சாயத் தொட்டியில சாயத்தைத் துணிப் பக்கம் தள்ள உதவுறது. வினிகர் மாதிரி புளிப்பு, பட்டுக்கும் கம்பளிக்கும் போடுற சாயத்துக்குத்தான். ஏற்கனவே சாயம் போட்ட பருத்தியை வீட்டு வாளியில ஊறவச்சா ரெண்டும் எதையும் பிடிச்சு வைக்காது. சாயம் போற துணியில பிடிக்காத சாயம் மேல ஒட்டிக்கிட்டு நிக்குது, அதைக் கழுவி விரட்டணும். பருத்தி ஷாலா இருந்தா கை பொறுக்குற சூட்டுக்கு மேல சூடான தண்ணி, சோப்பு, தனியா ரெண்டு மூணு அலசல். தண்ணி தெளிஞ்சா சரி. அஞ்சாவது தடவையும் கலங்கினா அந்த ஷாலை வெளிர் குர்தி மேல போடவே வேணாம். சென்னை வேர்வையில கழுத்தோரம் கோடு விழுந்துடும். வாங்கும்போதே ஈரக் கைக்குட்டையால மூலையில பத்து தடவை அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க.

#6 பன்னா_லாத்தா

வ அலைக்கும் சலாம் கடலோரம். திருவல்லிக்கேணியில இருபது வருஷமா தைக்கிறேன், அதுல பாதி நம்ம பிள்ளைகளோட ஷாலும் கேப்பும்தான்.

தம்பி சாயத்தைச் சொல்லிட்டாரு. நான் துணியைச் சொல்றேன். நீங்க எல்லாரும் கலர்ல ஆரம்பிக்கிறீங்க, அங்கதான் தப்பு. முதல்ல குர்தித் துணி எப்படி விழுதுன்னு பாரு. க்ரேப் தண்ணி மாதிரி வழியும். அதுக்கு ஜார்ஜெட் ஷால் போட்டா ரெண்டும் சேர்ந்து விழும். அதே க்ரேப்புக்கு மொடமொட வாயில் துணியைச் சுத்தினா தோள்ல கூடாரம் அடிச்ச மாதிரி நிக்கும். உன் ரோஸ் கோடு குர்திக்கு நேர்மாறு. அது தடிப்பான பருத்தி, மேல வழுக்குற ஜார்ஜெட் போட்டா ஷால் தனியா, உடுப்பு தனியாத் தெரியும். மேனேஜரைப் பார்க்கத் திரும்புறதுக்குள்ள பின்னால சரிஞ்சிருக்கும்.

மினுமினுப்பும் அப்படித்தான். ரேயான் மங்கல், உன் ஜார்ஜெட்ல லேசா ஒரு பளபளப்பு இருக்கு. கலர் ஒண்ணா இருந்தாலும் ஒண்ணு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், ஒண்ணு குடிச்சிடும். உன் பச்சை பிரிஞ்சு தெரிஞ்சதுக்கு இதுவும் பாதிக் காரணம்.

அந்தப் பச்சை ஷாலைத் தூக்கிப் போடாதே. கறுப்பு க்ரேப்புக்குப் போட்டுப் பாரு. ரெண்டும் ஒரே விதமா விழும், ஒரே மினுமினுப்பு.

செட் துப்பட்டா பத்தி ஒரு வார்த்தை. ரெண்டேகால் மீட்டர் வரும், அதை அப்படியே தலையில சுத்தினா கழுத்துல மூட்டை கட்டின மாதிரி இருக்கும். ஜரிகை ஓரத்தை வெட்டிட்டு, நீளத்தை ரெண்டு மீட்டராக்கி பீகோ அடிச்சா நல்ல ஷால். மெல்லிசா இருந்தா உள் கேப்பை துப்பட்டா கலர்லயே போடணும். வெள்ளைக் கேப் மேல மெல்லிசு துணி போட்டா மேல இருக்கிற கலரே வெளுத்துடும். காயத்ரி சொன்னதுல பாதி சரிதான்.

#7 கேஎல்_ஜமீலா

கோலாலம்பூர்லேர்ந்து எழுதுறேன். இங்க ஆபீஸ்ல பாதிப் பேரு பாஜு கூரோங்தான், அதுவும் முழங்காலுக்குக் கீழ வர்ற நீளச் சட்டை, அதனால உங்க கேள்வி எங்களுக்குத் தினசரி வேலை. ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவுல கடைக்காரங்க துணியை விரிச்சதும் முதல்ல பார்க்கிறது பூவோட நடுவுல இருக்கிற சின்னப் புள்ளியைத்தான். பின்னணி நிறத்துல துடோங், அதான் இங்க தலை ஷாலுக்குப் பேரு, எடுத்தா முகத்துலேர்ந்து பாதம் வரைக்கும் ஒரே சுவர். அதிகமா இருக்கிற பூ நிறத்துல எடுத்தா கண்ணுக்கு உறுத்தும். துணியிலேயே கொஞ்சமா இருக்கிற நிறத்தைத் தலைக்கு எடுத்தாத்தான் அழகு.

கருநீல பருத்திக்கு இலையோரம், பூ நடுவுல ஏதாவது சின்ன நிறம் இருக்கா பாருங்க. அதுதான் உங்க ஷால்.

இன்னொண்ணு, நாங்க அலுவலகத்துக்கு அதிகமாப் போடுறது சதுர வாயில், 45 அங்குலம். முக்கோணமா மடிச்சு, நெத்திக்கு மேல வர்ற பக்கத்துக்கு மட்டும் கஞ்சி ஸ்ப்ரே அடிச்சு இஸ்திரி போட்டா சாயங்காலம் வரைக்கும் அந்த வளைவு நிக்கும்.

#8 பன்னா_லாத்தா

ஜமீலா சொன்ன சதுரம் நல்லது, ஆனா சென்னை பஸ்ல அந்த வளைவு பாரிமுனை வர்றதுக்குள்ள உக்காந்துடும். வண்டியில போற பிள்ளைக்கு ஹெல்மெட் வேற.

துணியா வாங்கினா செலவு பாதி. வாயில் 44 அங்குல பன்னாவுல வரும். ஒரு மீட்டர் இருபது எடு. தண்ணியில ஒரு தடவை நனைச்சுக் காயவச்சு, சுருங்கினது போக சதுரமா வெட்டி பீகோ அடிச்சுக்கோ. நீள ஷால் வேணும்னா 58 பன்னா கிடைக்கிற துணியாப் பாரு. ரெண்டு மீட்டர் வாங்கி நீளவாக்குல நடுவுல வெட்டினா 29 அங்குல அகலத்துல ரெண்டு ஷால். ஒண்ணு உனக்கு, ஒண்ணு தங்கச்சிக்கு. 44 பன்னாவை அப்படி வெட்டாதே, 22 அங்குலம் நெஞ்சை மூடாது.

மேட்சிங் சென்டர்ல போய் பிளவுஸ் துணி எடுக்காதே. கலர் ஆயிரம் இருக்கும், ஆசை வரும். அந்த ரூபியா துணிக்குப் பன்னா சின்னது, தலையில விறைப்பா நிக்கும். கேப் தைக்க வேணா எடுத்துக்கலாம்.

#9 உம்மு_ஹனா

பிள்ளைங்க பேசுறதைப் படிச்சேன். நான் தப்பு சொல்லல. ஆனா தலையை மூடுறது கண்ணை இழுக்கிறதுக்கு இல்லையேன்னு ஒரு கேள்வி மனசுல இருக்கு. எங்க காலத்துல வெள்ளைத் துப்பட்டிதான், கடுகு மஞ்சளும் மெரூனும் கிடையாது.

#10 கடலோரம்

@உம்மு_ஹனா மாமி, எங்க உம்மாவும் இதைத்தான் சொல்றாங்க. அடக்கமா இருக்கணும்னுதான் நானும் பளிச்சுன்னு எதையும் எடுக்கல. ஆனா ஒட்டாத ரெண்டு பச்சையைப் போட்டுட்டுப் போன அன்னைக்குத்தான் எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

@பன்னா_லாத்தா இன்னைக்குக் கறுப்பு க்ரேப்புக்குப் பச்சை ஷால் போட்டேன். அப்படி ஒரு பொருத்தம்! ஆனா ஏசியில ஒரு மணி நேரத்துல ஷால் முனை குர்தியோட ஒட்டிக்கிட்டு, எடுத்தா படபடன்னு பொறி. இதுக்கு என்ன செய்ய?

@கேஎல்_ஜமீலா கருநீல குர்தியை உத்துப் பார்த்தேன். மெரூன் பூவுக்கு நடுவுல கடுகு மஞ்சள் புள்ளி இருக்கு. ஆனா மஞ்சள் என் முகத்துக்குக் கிட்ட வந்தா சோர்ந்து போன மாதிரி இருக்கு.

#11 சாயப்பட்டறை

பாலியஸ்டரோட பாலியஸ்டர் உரசி, ஏசி காத்துல ஈரப்பதம் இல்லாததால மின்சாரம் தங்கிடுது. கடைசி அலசல்ல துணி மென்மையாக்குற திரவம் கொஞ்சம் விடுங்க, இல்லன்னா போடுறதுக்கு முன்னால ஈரக் கையால ஷால் ஓரத்தைத் தடவுங்க. உள்ள பருத்தி ஸ்லிப் போட்டா இன்னும் நல்லது. ஆபீஸ் காத்து ரொம்ப வறண்டா முழுசாப் போகாது, குறையும்.

கறுப்பு பத்தி ரம்யா சொன்னதையும் முழுசாத் தள்ளிட முடியாது. ஆத்திர அவசரத்துக்குக் கறுப்பு நல்லதுதான். பாலியஸ்டர் கறுப்பு வருஷக்கணக்கா கறுப்பாவே இருக்கும். பருத்திக் கறுப்பு இருபது துவைப்புல சாம்பல் பூத்துடும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டா பழைய ஷாலுக்குப் புது குர்தின்னு காட்டிக் கொடுத்துடும். கருநீலத்தோட கறுப்பு போட்டா ஆபீஸ் லைட்ல சேர்ந்த மாதிரி இருக்கும், வாசலுக்கு வந்தா ராத்திரி இருட்டுல மாத்தி எடுத்த மாதிரி இருக்கும்.

#12 ரம்யா_ஓஎம்ஆர்

வினிகர் விஷயம் தெரியாம சொல்லிட்டேன், சரி. கறுப்பு ஷால்ல என் ரூம்மேட்டோடது எல்லாம் ஜார்ஜெட்தான், அதனாலதான் வெளுக்கல போல.

#13 மதுரை_செல்வி

என் விஷயம் வேற, இங்க கேட்கலாமான்னு தெரியல. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடிஞ்சு அடுத்த மாசம் வேலைக்குத் திரும்புறேன். பள்ளிக்கூட அலுவலகம். முடி இன்னும் வரல. விக் வேணாம்னு முடிவு. நீள டாப்ஸ்தான் போடப் போறேன். தலைக்குத் துணி கட்டினா வழுக்குது, மண்டைத் தோல்ல தையல் பட்டாலே எரியுது, பின் குத்த பயமா இருக்கு. உங்களுக்கெல்லாம் பழக்கம் இருக்குமேன்னு கேட்கிறேன்.

#14 பன்னா_லாத்தா

தாராளமாக் கேளும்மா. முடி இல்லாத தலையில துணி வழுக்கத்தான் செய்யும், எங்களுக்குக் கொண்டை பிடிச்சுக்குது, உனக்கு அது இல்ல. அதனால உள்ள ஒரு கேப் அவசியம். பனியன் துணியில தச்சுக்கோ. தையலை வெளிப்பக்கம் வச்சுத் தைக்கச் சொல்லு, உள்ள மழுமழுன்னு இருக்கும், மேல ஷால் வர்றதால தையல் யாருக்கும் தெரியாது. நெத்திப் பட்டையில எலாஸ்டிக் வேணாம், தடம் பதியும். துணியோட இழுவையே போதும்.

மேல சாட்டின், ஜார்ஜெட் எடுக்காதே. பருத்தி வாயிலோ பழகின மல் துணியோ எடு. பனியன் துணி மேல பருத்தி நகராது. சதுரத் துணியை முக்கோணமா மடிச்சு பின்னங்கழுத்துல கட்டி, முனையை முடிச்சுக்குள்ள சொருகிடு. பின்னே வேணாம். தலையில கொஞ்சம் கனம் தெரியணும்னா கேப்புக்கும் ஷாலுக்கும் நடுவுல பின்பக்கமா ஒரு சின்னத் துணியைச் சுருட்டி வை.

நம்பர் தனிச் செய்தியில அனுப்பு, கேப் நான் தச்சு அனுப்புறேன். தலையோட சுற்றளவை மட்டும் எழுது.

#15 சாயப்பட்டறை

செல்விம்மாவுக்கு ஒண்ணு. அடர் நிறம் எடுக்காதீங்க, குறைஞ்சது முதல் ரெண்டு மாசம். கீமோவுக்கு அப்புறம் தோல் மெல்லிசா இருக்கும், விட்டு வர்ற சாயம் அதுல படக் கூடாது. கேப்புக்கு வெள்ளையும் வேணாம், பழுப்பு மாறாத கோரா நிறத்துல பனியன் துணி கேளுங்க.

#16 மதுரை_செல்வி

ரெண்டு பேருக்கும் நன்றி. 54 சென்டிமீட்டர். தனிச் செய்தி அனுப்பியிருக்கேன் அக்கா.

#17 கேஎல்_ஜமீலா

கடலோரம், மஞ்சள் முகத்துக்கு ஒத்து வரலன்னா அதை விடுங்க. மெரூன் பூ நிறத்துலயே எடுங்க, ஆனா பூவை விட ஒரு படி இருட்டா. கடுகு மஞ்சள் குர்திக்கும் அதே மெரூன் போகும். ரோஸ் கோட்டுக்கும் அதேதான். ஒரு ஷால், மூணு குர்தி.

#18 பன்னா_லாத்தா

ரோஸுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். மெரூன்ல ரெண்டு சாதி இருக்கு. செங்கல் பக்கம் சாயுறது ஒண்ணு, திராட்சைப் பக்கம் சாயுறது ஒண்ணு. அச்சுப் பூவுல வர்றது பெரும்பாலும் செங்கல். கடுகு மஞ்சளோட அது நல்லாப் போகும். ரோஸ் நீலம் கலந்த ரோஸா இருந்தா செங்கல் மெரூன் பக்கத்துல அழுக்கு ரோஸாத் தெரியும். வெள்ளைக் கோடு இருக்கே, அந்த வெள்ளையில ஷால் எடுக்கலாம். ஆனா பளீர் வெள்ளையா பால் வெள்ளையான்னு பார்த்து எடு, கலந்தா ஷால் துவைக்காத மாதிரி இருக்கும்.

#19 கேஎல்_ஜமீலா

வெள்ளைக் கோட்டுக்கு வெள்ளை ஷால்னா ஸ்கூல் யூனிஃபார்ம் ஆயிடும் லாத்தா. இங்க ரோஸுக்குச் சாம்பல் நிறம்தான் போடுவாங்க.

#20 கடலோரம்

சனிக்கிழமை போயிட்டு வந்தேன். மூணு குர்தியும் பையில.

மெரூன் வாயில், 44 பன்னா, ஒரு மீட்டர் இருபது. ட்யூப் லைட், வாசல் நிழல், மஞ்சள் லைட் மூணுலயும் பார்த்தேன். கருநீலத்துக்கும் கடுகு மஞ்சளுக்கும் மூணுலயும் நின்னுச்சு. ரோஸுக்குக் கடைக்குள்ள சரி, வாசல்ல லாத்தா சொன்ன மாதிரி அழுக்கு. ஈரக் கைக்குட்டையில தேய்ச்சப்ப லேசா ரோஸ் வந்தது. வீட்டுல சூடான தண்ணியில மூணு அலசல் போட்டேன், மூணாவது தெளிஞ்சிடுச்சு. நனைச்சுக் காஞ்சதும் ஒரு அங்குலத்துக்கு மேல சுருங்கிடுச்சு, அதை எதிர்பார்த்து வாங்கினதால சதுரம் சரியா வந்தது.

பச்சை ரேயானுக்குச் சந்தன நிறத்துல ரேயான் ஷால். பச்சையைத் தேடவே இல்ல. இந்த மாச ரெண்டு ஷால் முடிஞ்சது.

ரோஸ் இன்னும் அப்படியே இருக்கு. சாம்பல், பால் வெள்ளை ரெண்டும் விரிச்சுப் பார்த்தேன். சாம்பல்ல என் முகம் வாடித் தெரிஞ்சது, வெள்ளையில ஜமீலா அக்கா சொன்ன யூனிஃபார்ம் ஞாபகம் வந்துடுச்சு.

#21 உம்மு_ஹனா

ரோஸ் குர்திக்கு இளம் காபி நிறம் போட்டுப் பாரும்மா. என் பேத்தி அப்படிப் போட்டிருந்தா, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருந்துச்சு.

#22 பன்னா_லாத்தா

காபின்னா பால் அதிகமா விட்ட காபி, அப்பத்தான். அடுத்த மாசம் திருவல்லிக்கேணி வந்தா குர்தியைக் கொண்டு வா. எங்கிட்ட வெட்டுத் துண்டு நாலஞ்சு நிறத்துல கிடக்கு, வாசல்ல வச்சுப் பார்த்துட்டு அப்புறம் வாங்கு.